ஹார்டுவேர் கடைக்குத் தொடர் இருப்பு முறையா, காலமுறை இருப்பு முறையா?

ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர்கள் கணக்கு எழுதுபவரிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "ஒவ்வொரு பில்லிலும் ஸ்டாக் குறைகிற மாதிரி வைத்துக்கொள்ளலாமா, இல்லை வருஷத்துக்கு ஒரு தரம் எண்ணிப் பார்த்தால் போதுமா?" முதலாவது தொடர் இருப்பு முறை. அதில் சரக்கு உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் இருப்புக் கணக்கு உடனுக்குடன் மாறும். இரண்டாவது காலமுறை. அதில் வாங்கியதையும் விற்றதையும் மட்டும் எழுதிக்கொண்டே போவோம். கையில் என்ன இருக்கிறது என்பது எண்ணிப் பார்க்கும் நாளில்தான் தெரியும்.

பல வருஷமாக இப்படிப்பட்ட கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். முதலில் தொடர் முறையைத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆணி, ஸ்க்ரூ, ஒயர், பைப் என்று அறுத்தும் அளந்தும் விற்கும் பொருள்கள் என் எண்ணத்தை மாற்றின. எந்த முறை நல்லது என்று கடை முழுவதுக்கும் ஒரே பதில் தேடுவதில்தான் பாதிப் பேர் சிக்கிக்கொள்கிறார்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன். முதலாவது, வேலை எப்போது வந்து விழுகிறது: தினமும் கொஞ்சமா, வருஷக் கடைசியில் மொத்தமாகவா? இரண்டாவது, காணாமல் போன சரக்கு கணக்கில் தனியாகத் தெரிகிறதா? மூன்றாவது, கவுண்டரில் விற்கும்போது அந்தப் பொருளைச் சரியான பெயரில், சரியான அளவில் பில்லில் ஏற்ற முடியுமா? நான்காவது, லாபம் எவ்வளவு என்பது உங்களுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தெரிய வேண்டும்?

மென்பொருள் விலையை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. இன்று சாதாரண பில்லிங் மென்பொருளே இரண்டு முறைகளையும் தாங்கும். செலவு ஆள் நேரத்தில்தான் இருக்கிறது.

## காலமுறையில் கணக்கு எப்படி ஓடும்

சரக்கு வந்ததும் கொள்முதல் கணக்கில் பற்று, சப்ளையர் கணக்கில் வரவு. பில்லின் மொத்தத் தொகையை எழுதினால் போதும், உள்ளே எத்தனை கீல், எத்தனை தாழ்ப்பாள் என்று பிரிக்க வேண்டியதில்லை. விற்றால் ரொக்கத்திலோ வாடிக்கையாளர் கணக்கிலோ பற்று, விற்பனையில் வரவு. அவ்வளவுதான். இருப்புக் கணக்கை வருஷம் முழுவதும் யாரும் தொடமாட்டார்கள்.

கடைசி நாளில் கடையை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் வாங்கிய விலை போட்டு, இறுதிச் சரக்கிருப்பு கண்டுபிடிக்கிறோம். அப்புறம் ஒரே ஒரு கணக்கு:

```
விற்ற சரக்கின் அடக்கவிலை =
  தொடக்க இருப்பு + கொள்முதல் + உள்வரும் வண்டிக் கூலி
  − கொள்முதல் திருப்பம் − இறுதி இருப்பு
```

இந்தச் சூத்திரத்தின் பலவீனம் அந்தக் கடைசி உறுப்பில் இருக்கிறது. எண்ணும்போது அலமாரியில் இல்லாத எதையும் விற்றுப்போனதாகவே இந்தக் கணக்கு எடுத்துக்கொள்ளும். திருடு போனது, துருப்பிடித்து எறிந்தது, பில் போடாமல் கொடுத்தது எல்லாம் அடக்கவிலைக்குள் கரைந்துவிடும். லாபம் குறைந்தது தெரியும், ஏன் குறைந்தது என்று தெரியாது.

இன்னொன்று, எண்ணுவதில் வரும் தவறு ஒரு வருஷத்தோடு நிற்காது. இறுதி இருப்பை 5,000 அதிகமாகப் போட்டுவிட்டால் இந்த வருஷ லாபம் 5,000 கூடும். அதே தொகை அடுத்த வருஷத்தின் தொடக்க இருப்பாகப் போவதால், அந்த வருஷ லாபம் 5,000 குறையும். ஒரு வருஷம் நல்ல லாபம், அடுத்த வருஷம் காரணமில்லாத சரிவு என்று ஒரு கடையில் பார்த்தால், நான் முதலில் திறப்பது சரக்கு எண்ணிய தாளைத்தான். பெரும்பாலும் கடைசி நாளில் வந்து இறங்கிய சரக்கு எண்ணிக்கையில் சேர்ந்திருக்கும், அதன் பில் மட்டும் அடுத்த வருஷத்தில் ஏறியிருக்கும்.

## தொடர் முறையில் கணக்கு எப்படி ஓடும்

இங்கே கொள்முதல் கணக்கு என்று ஒன்று கிடையாது. வந்த சரக்கு நேராக இருப்புக் கணக்கில் பற்றாகும். விற்கும்போது இரண்டு பதிவுகள். ஒன்று வழக்கமானது: ரொக்கம் பற்று, விற்பனை வரவு. இன்னொன்று அடக்கவிலைக்கானது: விற்ற சரக்கின் அடக்கவிலை பற்று, இருப்பு வரவு. இரண்டாவது பதிவை மென்பொருளே போட்டுவிடும். அதனால் விற்பனையில் கூடுதல் வேலை இல்லை என்று நினைக்கத் தோன்றும்.

வேலை கூடுவது சரக்கு உள்ளே வரும் வாசலில். சப்ளையர் பில்லின் மொத்தத்தை எழுதி முடிக்க முடியாது. ஒவ்வொரு வரியையும் உங்கள் பொருள் பட்டியலில் உள்ள பெயரோடு பொருத்த வேண்டும். அவர் பில்லில் ஒரு பெயர், உங்கள் பட்டியலில் வேறு பெயர். அவர் பெட்டியில் விற்கிறார், நீங்கள் எண்ணிக்கையில் விற்கிறீர்கள். வண்டிக் கூலியையும் சரக்கின் அடக்கத்தில் பிரித்துச் சேர்க்க வேண்டும். இதில் ஒரு நாள் சோம்பல்பட்டால் அந்தப் பொருளின் கணக்கு அன்றே கெட்டுவிடும், விற்பனைப் பக்கம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும்.

பொருளை எண்ணும் வேலையும் போய்விடாது. தொடர் முறை காட்டுவது இருக்க வேண்டிய இருப்பு மட்டுமே. அலமாரியில் இருப்பது எவ்வளவு என்பதை எண்ணித்தான் பார்க்க வேண்டும். ஆனால் கடையை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் எண்ணத் தேவையில்லை, தினமும் சில பொருள்கள் என்று சுழற்சியாக எண்ணலாம்.

## ஒரே பூட்டு, இரண்டு கணக்கு

ஒரு பூட்டை எடுத்துக்கொள்வோம். தொகைகள் எந்த நாணயமாகவும் இருக்கட்டும். மாதத் தொடக்கத்தில் 20 பூட்டு, ஒன்று 400 வீதம். நடுவில் 30 பூட்டு 440 வீதம் வாங்கினோம். மாதத்தில் 35 பூட்டு 600 வீதம் விற்றது. கணக்குப்படி மீதி 15 இருக்க வேண்டும், எண்ணினால் 13. முதலில் வந்தது முதலில் விற்றது என்று வைத்துக்கொள்வோம்.

| | காலமுறை | தொடர் முறை |
|---|---|---|
| விற்பனை | 21,000 | 21,000 |
| தொடக்க இருப்பு + கொள்முதல் | 21,200 | 21,200 |
| விற்ற சரக்கின் அடக்கவிலை | 15,480 | 14,600 |
| மொத்த லாபம் | 5,520 | 6,400 |
| சரக்குக் குறைவு நட்டம் | தெரியாது | 880 |
| குறைவுக்குப் பின் லாபம் | 5,520 | 5,520 |

காலமுறையில் இறுதி இருப்பு 13 பூட்டு, 440 வீதம் 5,720. அதை 21,200-லிருந்து கழித்தால் 15,480. தொடர் முறையில் முதல் 20 பூட்டு 400 வீதமும் அடுத்த 15 பூட்டு 440 வீதமும் போனதால் 14,600. எண்ணிப் பார்த்து 2 பூட்டு குறைந்தது தெரிந்ததும், சரக்குக் குறைவு நட்டத்தில் 880 பற்று, இருப்பில் 880 வரவு.

கடைசி வரி இரண்டிலும் ஒன்றுதான். அதனால்தான் வரிக்கணக்கை மட்டும் பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. ஆனால் கடைக்காரருக்கு அந்த 880 தனி வரியாக நிற்பது பெரிய விஷயம். 35 பூட்டு விற்றதில் 2 காணவில்லை என்றால் அந்த அலமாரியைக் கவுண்டருக்குப் பக்கத்தில் மாற்ற வேண்டும். காலமுறை கணக்கைப் பார்த்தால் லாப விகிதம் கொஞ்சம் சரிந்திருக்கிறது, விலையை ஏற்றலாம் என்றுதான் தோன்றும். விலை ஏறும், பூட்டு போய்க்கொண்டே இருக்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை: சராசரி விலையில் கணக்குப் போட்டால் இரண்டு முறைகளும் சற்று வேறுபடும். காலமுறை மொத்தக் காலத்துக்கும் ஒரே சராசரி எடுக்கும், தொடர் முறையில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் சராசரி நகரும். இதே பூட்டில் 10 விற்ற பிறகு அந்த 30 வந்திருந்தால், காலமுறை அடக்கவிலை 14,840, தொடர் முறை 14,750. குறைவைக் கணக்கில் எடுப்பதற்கு முன் வரும் எண்கள் இவை. வித்தியாசம் சிறியது, தவறும் அல்ல. வருஷ நடுவில் முறையை மாற்றினால் மட்டும் இது குழப்பும்.

## மணிக்கணக்கில் பார்த்தால்

3,000 வகைப் பொருள் உள்ள, வருஷத்தில் 300 நாள் திறக்கும் ஒரு கடையை வைத்து ஒரு உத்தேசம் போடுவோம். நாளுக்கு 3 கொள்முதல் பில், ஒவ்வொன்றிலும் 15 வரி. உங்கள் கடையின் எண்களை இதே இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

காலமுறையில் மூன்று பில்லின் மொத்தத்தை எழுத நாளுக்கு 10 நிமிடம், வருஷத்துக்கு 50 மணி. கடைசியில் எண்ணுவதற்குப் பொருளுக்கு 2 நிமிடம் என்றால் 100 மணி, ஒருவர் எண்ண ஒருவர் எழுத வேண்டும் என்பதால் 200 ஆள்மணி. பழைய பில்களைத் தேடி விலை போட இன்னொரு 50. ஆக 300 மணி.

தொடர் முறையில் 45 வரிகளைப் பொருத்தி ஏற்ற 45 நிமிடம், தினமும் 20 பொருள் எண்ண 20 நிமிடம், ஒத்துவராததைத் துருவிப் பார்க்க 15 நிமிடம். நாளுக்கு 80 நிமிடம், வருஷத்துக்கு 400 மணி. தினம் 20 பொருள் என்றால் ஒவ்வொரு பொருளும் வருஷத்தில் இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கும்.

இப்படிப் பார்த்தால் காலமுறை 100 மணி மலிவு. ஆனால் அந்தக் கடையில் எது தீர்ந்துபோகிறது என்று பார்க்க வாரம் இரண்டு மணி நேரமாவது ஒருவர் அலமாரி அலமாரியாக நடக்கிறார். அதுவும் வருஷத்துக்கு 100 மணி, கணக்கு வேலை என்று யாரும் எழுதிவைப்பதில்லை. தொடர் முறையில் இந்த நடை பெருமளவு குறையும். எனவே மொத்த உழைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். உண்மையான வித்தியாசம் அது விழும் இடத்தில் இருக்கிறது. காலமுறையில் 250 மணி நேரம் ஒரே வாரத்தில் வந்து குவியும், அதுவும் கடையை மூடியோ இரவில் விழித்தோ. தூக்கக் கலக்கத்தில் 3/4 அங்குல எல்போவை 1 அங்குலத்தில் எழுதுவது அப்போதுதான்.

தொடர் முறைக்கு முதல் வருஷம் கூடுதல் செலவு ஒன்று உண்டு. 3,000 பொருளுக்கும் பெயர், அளவு, அலகு, விலை ஏற்ற பொருளுக்கு 3 நிமிடம் என்றாலும் 150 மணி. இதை ஒதுக்காமல் ஆரம்பிப்பவர்கள்தான் ஆறாவது வாரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

## ஹார்டுவேர் சரக்கில் தொடர் முறை உடையும் இடங்கள்

மருந்துக் கடையிலோ புத்தகக் கடையிலோ அழகாக ஓடும் முறை இங்கே தடுமாறுவதற்குக் காரணம் அலகுதான். 90 மீட்டர் ஒயர் சுருளை வாங்கும்போது "1" என்று ஏற்றிவிட்டு, விற்கும்போது 5 மீட்டருக்கு "5" என்று பில் போட்டால், இருப்பு −4 ஆகிவிடும். இருப்புப் பட்டியலில் கழித்தல் குறி தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது திருட்டை அல்ல, அலகு மாற்றத்தை. வாரம் ஒருமுறை கழித்தல் இருப்புள்ள பொருள்களை மட்டும் பட்டியலிட்டுப் பார்த்தாலே பாதித் தவறுகள் பிடிபடும்.

அடுத்தது அறுத்த துண்டு. 6 மீட்டர் பைப்பில் ஒருவர் 4 மீட்டர் கேட்கிறார், மீதி 2. கணக்கில் 2 மீட்டர் இருக்கிறது. அலமாரியிலும் இருக்கிறது. ஆனால் இப்படி ஐந்து துண்டு சேர்ந்த பிறகு கணக்கு 10 மீட்டர் என்று காட்டும், 3 மீட்டர் கேட்டு வருபவருக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. மறு ஆர்டரும் போகாது, ஏனென்றால் இருப்பு "போதுமானது". இதற்கு நான் செய்வது, இப்படி மிஞ்சிய துண்டுகளை மாதக் கடைசியில் தனிப் பொருளாக மாற்றி, விற்கக்கூடிய விலைக்கு இறக்கிவிடுவது.

மூன்றாவது, கவுண்டரில் தவறான பொருளைத் தேர்ந்தெடுப்பது. 3 அங்குலக் கீல் கொடுத்துவிட்டு 4 அங்குலத்தில் பில் போட்டால், 3 அங்குலத்தில் எண்ணிக்கை குறையும், 4 அங்குலத்தில் அதே அளவு கூடும். எண்ணும்போது ஒன்று 6 குறைவு, பக்கத்து அளவு 6 அதிகம் என்று வந்தால் அது திருட்டு இல்லை. ஆகவே சுழற்சி எண்ணிக்கையில் தனித்தனிப் பொருளாக எடுக்காமல், ஒரே அலமாரியில் உள்ள எல்லா அளவுகளையும் ஒன்றாக எண்ணுங்கள். இல்லையென்றால் குறைவு மட்டும் கண்ணில் படும், கூடுதல் வேறு வாரத்தில் வரும். கடைப் பையன் மேல் அநியாயமாகச் சந்தேகம் விழுவது இப்படித்தான். நான் அதைப் பார்த்திருக்கிறேன், இன்றும் உறுத்துகிறது.

கட்டட வேலை எடுப்பவர்கள் துண்டுச் சீட்டில் சரக்கு எடுத்துப்போய், வேலை முடிந்ததும் மிஞ்சியதைத் திருப்பித் தருவதும் உண்டு. சீட்டு கொடுத்த அன்றே பில்லில் ஏற வேண்டும். திருப்பி வந்ததும் விற்பனைத் திருப்பத்தோடு இருப்பும் அடக்கவிலையும் திரும்ப ஏற வேண்டும். காலமுறையில் இரண்டாவது பகுதிக்கு வேலையே இல்லை, சரக்கை அலமாரியில் வைத்தால் போதும். திருப்பம் அதிகமுள்ள கடைக்கு இது சின்னச் சலுகை அல்ல.

ஆணியும் வாஷரும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எடை போட்டு விற்கிறோம், கைப்பிடி கூடவே போகிறது, கீலோடு ஸ்க்ரூ இலவசமாகப் போகிறது. அதை எண்ணிக்கையில் பிடிக்க முயல்வது வீண் உழைப்பு.

## எது யாருக்கு

உரிமையாளரே கவுண்டரில் நிற்கிறார், பொருள் வகை சில நூறுதான், பெரும்பாலும் சில்லறைச் சரக்கு, கணக்கு வருஷத்துக்கு ஒருமுறை போதும் என்றால் காலமுறையே சரி. வருஷத்துக்கு ஒன்று என்பதை மட்டும் காலாண்டுக்கு ஒன்று என்று மாற்றுங்கள். தவறு மூன்று மாதத்துக்குள் பிடிபடும்.

கூலிக்கு ஆள் நிற்கிறார், துளையிடும் இயந்திரம், பூட்டு, குழாய், பெயிண்ட் என்று ஒவ்வொன்றும் விலை உள்ள பெட்டிச் சரக்கு, கிளை இரண்டு இருக்கிறது, வங்கிக்கு மாதாமாதம் இருப்பு விவரம் கொடுக்க வேண்டும் என்றால் தொடர் முறை இல்லாமல் சமாளிக்க முடியாது.

பெரும்பாலான ஹார்டுவேர் கடைகள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன. அவர்களுக்கு நான் இரண்டையும் சேர்த்துத்தான் வைப்பேன்.

## சேர்த்து வைப்பது எப்படி

பேரேட்டில் இரண்டு இருப்புக் கணக்கு திறக்க வேண்டும். ஒன்று பெட்டிச் சரக்குக்கு, தொடர் முறையில். இன்னொன்று சில்லறைச் சரக்குக்கு: ஆணி, ஸ்க்ரூ, நட்டு, வாஷர், அறுத்து விற்கும் ஒயர். கொள்முதல் பில் வரும்போதே தொகையை இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். விற்பனையிலும் சில்லறைக்குத் தனித் தலைப்பு. இந்தப் பிரிவு இல்லையென்றால் ஒரே சரக்கு இரண்டு பக்கமும் அடக்கவிலையாக ஏறிவிடும். ஒரு மாதம் லாபம் திடீரென்று விழுந்தால் அதற்கு இது வழக்கமான காரணம்.

சில்லறைச் சரக்கின் மாத அடக்கவிலையை லாப விகிதத்தை வைத்து மதிப்பிடலாம். தொடக்க இருப்பு 50,000, கொள்முதல் 25,000, விற்பனை 40,000, வழக்கமான லாப விகிதம் விற்பனையில் 30 சதவீதம் என்றால், அடக்கவிலை 28,000, இருக்க வேண்டிய இருப்பு 47,000. காலாண்டில் எடை போட்டுப் பார்த்து 45,500 வந்தால், 1,500-ஐ அடக்கவிலையில் பற்று வைத்து இருப்பைக் குறைக்க வேண்டும். நாலு காலாண்டும் ஒரே பக்கமாகக் குறைந்தால் நீங்கள் போட்ட 30 சதவீதம் தவறு, அதை இறக்குங்கள். ஒரு காலாண்டில் மட்டும் பெரிதாகக் குறைந்தால் முதலில் தராசைச் சரிபாருங்கள், பிறகு அந்தக் காலாண்டின் கொள்முதல் பில்கள் சரியான தலைப்பில் ஏறினவா என்று பாருங்கள்.

மாறுவதற்குச் சரியான நாள், வருஷக் கடைசி எண்ணிக்கை முடிந்த மறுநாள். இருப்பு அப்போதுதான் புதிதாக எண்ணப்பட்டிருக்கும். பொருளை ஒவ்வொரு வகையாக ஏற்றுங்கள்: முதல் மாதம் பூட்டும் இயந்திரங்களும், அடுத்து குழாய், அடுத்து பெயிண்ட். ஏற்றாத வகைகள் அதுவரை சில்லறைக் கணக்கிலேயே காலமுறையில் ஓடட்டும். ஒரு வகையை மாற்றும் அன்று அதை மறுபடி எண்ணி, அந்தத் தொகையை ஒரு இருப்புக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி எழுதினால் போதும், அடக்கவிலையைத் தொட வேண்டியதில்லை.